எரிகிற பட்டனை ஏன் மறுபடி மறுபடி அழுத்துகிறோம்?

நாஞ்சில்மகள் | அக்டோபர் 9, இரவு 9.20

நாகர்கோவிலில் எங்கள் குடியிருப்பில் தரைத்தளத்துக்கு மேல் ஐந்து மாடி. ஒரே ஒரு லிஃப்ட். நாங்கள் மூன்றாவது மாடி. வெளியே ஒவ்வொரு தளத்திலும் ஒரே பட்டன்தான், மேலே கீழே என்று தனித்தனியாக இல்லை.

அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, முட்டுவலி. பட்டனை அழுத்துவாள். சுற்றிச் சிவப்பு வளையம் எரியும். அப்புறமும் அழுத்திக்கொண்டே இருப்பாள். இன்று காலை எண்ணிப் பார்த்தேன், பதினொரு தடவை. "அதான் எரியுதே அம்மா, விடு" என்றேன். "சும்மா இரு பிள்ளே. விட்டா அது பாட்டுக்கு மேலப் போயிரும்" என்றாள்.

இது வெறும் படபடப்பா, எங்கள் ஊர் வெப்ராளமா, இல்லை இரண்டாவது அழுத்தலுக்கு ஏதாவது வேலை உண்டா? போன வருடம் சிங்கப்பூரில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது சாலை கடக்கிற பட்டனிலும் அம்மா இதையேதான் செய்தாள். பக்கத்தில் நின்ற சீனப் பாட்டியும் அதையேதான் செய்தார். ஆகவே இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை.

சுசீந்திரம் சார் | அக்டோபர் 9, இரவு 10.05

இதற்குப் பதில் 1948-லேயே வந்துவிட்டது. ஸ்கின்னர் என்ற உளவியலாளர் பசித்த புறாக்களைக் கூண்டில் விட்டு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வரும்படி வைத்தார். எட்டுப் புறாக்களில் ஆறு, தீனி வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்துகொண்டிருந்ததையே திரும்பத் திரும்பச் செய்ய ஆரம்பித்தன. ஒன்று கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது, ஒன்று தலையை ஒரு மூலைப் பக்கமாக நீட்டி நீட்டி இழுத்தது. பதினோராவது அழுத்தலில் லிஃப்ட் வந்தால் பதினொன்றுதான் கொண்டுவந்தது என்று மனம் முடிச்சுப் போடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

குளச்சல்காரன் | அக்டோபர் 9, இரவு 11.40

எல்லா பட்டனும் டம்மி சார். நியூயார்க்கில் சாலை கடக்க வைத்திருந்த 3,250 பட்டன்களில் 2,500-க்கு மேல் வேலையே செய்யவில்லை என்று 2004-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. கம்ப்யூட்டர் சிக்னல் வந்தபிறகு தேவையற்றுப் போனதை எடுக்காமல் விட்டுவிட்டார்கள். லிஃப்டும் அப்படித்தான்.

நாஞ்சில்மகள் | அக்டோபர் 10, காலை 6.50

குளச்சல்காரன், எங்கள் லிஃப்டில் பட்டனை அழுத்தாமல் நின்றால் சாயங்காலம் வரை நிற்க வேண்டியதுதான். முதல் அழுத்தல் டம்மி இல்லை. நான் கேட்பது இரண்டாவதைப் பற்றி.

சார் சொன்ன புறா ராத்திரி முழுக்க மனசில் கிடந்தது. ஆனால் முழுசாகப் பொருந்தவில்லை. புறா எதுவுமே செய்யாவிட்டாலும் தீனி வரும். இங்கே முதல் தடவை அழுத்தியதால்தான் லிஃப்ட் வருகிறது. அம்மா ஒரு உண்மையான காரணத்தைப் பிடித்திருக்கிறாள், அதைக் கொஞ்சம் அதிகமாக நம்புகிறாள். புறாவின் கதை வேறு.

வேர்கிளம்பி ஜோஸ் | அக்டோபர் 10, காலை 8.15

எனக்கு இதில் வயிற்றெரிச்சல் உண்டு. அப்பாவை ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடியிலிருந்து ஸ்கேனுக்குக் கூட்டிப் போக வேண்டும். ஸ்ட்ரெச்சரோடு நிற்கிறோம். பட்டன் எரிகிறது. லிஃப்ட் எங்களைத் தாண்டி மூன்று தடவை போனது, நிற்கவே இல்லை. நான் கைவலிக்க அழுத்தினேன். கடைசியில் படி வழியாக நாலு பேர் தூக்கிப் போனோம். எரிந்தால் வரும் என்பதே பொய். இதை யாரிடம் புகார் செய்வது?

மார்த்தாண்டம் மெக்கானிக் | அக்டோபர் 10, இரவு 8.30

நான் பத்தொன்பது வருடமாக லிஃப்ட் மாட்டுகிறேன், பழுது பார்க்கிறேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வெளியே நீங்கள் அழுத்துவதை நாங்கள் 'கால்', அதாவது அழைப்பு, என்போம். விரல் பட்டதும் கன்ட்ரோலர் அந்தக் காலைப் பதிந்து வைத்துக்கொள்ளும். பதிந்தபிறகு அதுதான் பட்டனுக்குள் இருக்கும் விளக்கை எரிய விடுகிறது. அதாவது அந்த வெளிச்சம் உங்கள் விரல் போட்டது இல்லை, மேலே இருக்கிற கன்ட்ரோலர் திருப்பி அனுப்புகிற பதில். லிஃப்ட் உங்கள் தளத்தில் நின்றதும் பதிவு அழியும், விளக்கும் அணையும். நடுவில் நூறு தடவை அழுத்தினாலும் பதிவு ஒன்றுதான். எந்த லிஃப்டிலும் இரண்டாவது அழுத்தலுக்கு வேலை இல்லை.

ஜோஸ் சொன்னது வேறு. ஆஸ்பத்திரி லிஃப்டில் உள்ளே ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தால் சாவி போட்டு 'அட்டென்டன்ட்' முறைக்கு மாற்றியிருப்பார். அப்போது எங்கே நிற்பது என்று முடிவு செய்வது அவர். நீங்கள் அழுத்தினால் உள்ளே அந்தத் தளத்துக்கான விளக்கு எரியும், சில லிஃப்டில் பஸ்ஸர் அடிக்கும், அவ்வளவுதான். இல்லையென்றால் உள்ளே ஆள் நிறைந்திருக்கும். எடை ஓர் அளவைத் தாண்டினால் சில லிஃப்ட் வெளிக் கால்களுக்கு நிற்காமல், உள்ளே இருப்பவர்களை இறக்கப் போய்விடும். உங்கள் கால் அழிந்திருக்காது. இதில் எது நடந்தது என்று அங்கே பார்க்காமல் சொல்ல மாட்டேன்.

வேர்கிளம்பி ஜோஸ் | அக்டோபர் 10, இரவு 9.00

உள்ளே ஒருத்தர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அப்படியென்றால் அன்று நான் அழுத்தியது அவருக்குக் கேட்டிருக்கும்தானே?

மார்த்தாண்டம் மெக்கானிக் | அக்டோபர் 10, இரவு 9.10

பஸ்ஸர் இருந்தால் கேட்டிருக்கும்.

நாஞ்சில்மகள் | அக்டோபர் 11, இரவு 7.45

இன்று போனில் நேரம் பார்த்துக்கொண்டு அம்மாவோடு நின்றேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நாங்கள் மூன்றாவது மாடியில் பட்டனை அழுத்தியபோது லிஃப்ட் தரைத்தளத்திலிருந்து அப்போதுதான் கிளம்பியிருந்தது. ஒரு மாடி ஏற ஐந்து நொடி எடுக்கிறது. பதினைந்தாவது நொடியில் மேலே எண் 3 வந்தது. அம்மா ஒரு அடி முன்னால் வைத்தாள். எண் 4 ஆனது. அந்த நொடியிலிருந்துதான் அவள் சரமாரியாக அழுத்த ஆரம்பித்தாள். அதற்கு முன் ஒரே தடவைதான் அழுத்தியிருந்தாள்! இதுவரை நான் இதைக் கவனித்ததே இல்லை.

இருபத்தைந்தாவது நொடியில் லிஃப்ட் ஐந்தாவது மாடிக்குப் போய் நின்றது. மேலே கதவு திறந்து, டியூஷன் முடிந்து வந்த பையன் இறங்கி, கதவு மூட ஒரு பன்னிரண்டு நொடி. அப்புறம் இரண்டு மாடி இறங்கப் பத்து நொடி. நாற்பத்தேழாவது நொடியில் எங்கள் முன்னால் கதவு திறந்தது. "பாத்தியா, அழுத்தினதுக்கு அப்புறம்தான் திரும்பி வந்துது" என்றாள்.

அவள் பார்த்ததில் பொய் எதுவும் இல்லை. தாண்டிப் போனது உண்மை, அழுத்தியது உண்மை, திரும்பி வந்ததும் உண்மை. அழைத்தவளைத் தாண்டிக்கொண்டு ஏன் போக வேண்டும் என்பதுதான் எனக்கும் புரியவில்லை. மெக்கானிக் அண்ணே, காலைப் பதிந்துகொண்ட லிஃப்ட் ஏன் தாண்டுகிறது? உள்ளே ஒரே ஒரு பையன்தான் இருந்தான், எடை நிறையவில்லை.

மார்த்தாண்டம் மெக்கானிக் | அக்டோபர் 11, இரவு 10.20

நல்ல கேள்வி. ஒரே பட்டன் என்று நீங்கள் முதலிலேயே எழுதியிருந்தீர்கள், நான்தான் விட்டுவிட்டேன்.

அதை 'டவுன் கலெக்டிவ்' என்போம். வீட்டுக் கட்டடங்களில் மாடியில் நிற்பவர் அநேகமாகக் கீழேதான் போவார், மூன்றாவது மாடிக்காரர் ஐந்தாவது மாடிக்குப் போவது அபூர்வம். அதனால் மாடியில் அழுத்துகிற எல்லாமே 'கீழே போக வேண்டும்' என்றே பதிவாகும். மேலே போகும்போது லிஃப்ட் உள்ளே அழுத்திய தளங்களில் மட்டும் நிற்கும். போக வேண்டிய கடைசி மாடி வரை போய்த் திரும்பி இறங்கும்போதுதான் ஒவ்வொரு மாடியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும். போகும்போது உங்களுக்காக நின்றால் நீங்களும் மேலே போய்விட்டுத்தான் கீழே வர வேண்டும், மேலே போகிறவருக்கும் பன்னிரண்டு நொடி வீண்.

நாலாவது மாடிக்காரரும் அழுத்தியிருந்தால் வருகிற வழியில் அவருக்கும் நின்றிருக்கும், உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

மேலே கீழே என்று இரண்டு பட்டன் உள்ள கட்டடத்தில் வேறு தொல்லை. சீக்கிரம் வரட்டும் என்று இரண்டையும் அழுத்துகிறார்கள். மேலே போகிற லிஃப்ட் வந்து நிற்கும், கதவைத் திறக்கும், இவர் ஏற மாட்டார். உள்ளே இருப்பவர்கள் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் அதே ஆளுக்காக இறங்கும்போது இன்னொரு முறை நிற்கும். ஒரே பட்டனைப் பத்து தடவை அழுத்துவதால் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு பட்டனையும் ஒவ்வொரு தடவை அழுத்துவதுதான் நஷ்டம்.

நாஞ்சில்மகள் | அக்டோபர் 12, காலை 7.00

இதை அம்மாவிடம் சொன்னேன். ஊர்க்கோடி வரை போய்த் திரும்பும்போது ஆள் ஏற்றுகிற பஸ் மாதிரி என்றேன். "அதைப் பட்டனில எழுதி வைக்கலாம்ல" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. எரிகிற வெளிச்சம் 'கேட்டுவிட்டது' என்று மட்டும் சொல்கிறது. எப்போது வரும், எந்தப் பக்கமாக வரும் என்று சொல்வதில்லை. நம் முன்னாலேயே தாண்டியும் போகும்போது, கேட்டதை மறந்துவிட்டது என்றுதானே யாருக்கும் தோன்றும்?

குளச்சல்காரன் | அக்டோபர் 12, மதியம் 2.30

டம்மி என்று எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். அது நியூயார்க் சாலைக் கணக்கு, லிஃப்டுக்கு ஒட்ட வைத்தது என் தவறு. ஆனால் மெக்கானிக் அண்ணன் 'எந்த லிஃப்டிலும் வேலை இல்லை' என்று சொன்னதும் சரியில்லை. துபாயில் நான் இருந்த கட்டடத்தில் உள்ளே ஏறி 9 அழுத்தினேன், எரிந்தது. பழக்கத்தில் மறுபடி இரண்டு தட்டு தட்டினேன், அணைந்துவிட்டது. கவனிக்கவில்லை. லிஃப்ட் 9-ஐத் தாண்டி 14-ல் போய் நின்றது.

மார்த்தாண்டம் மெக்கானிக் | அக்டோபர் 12, இரவு 9.50

ஒத்துக்கொள்கிறேன். சில கம்பெனி லிஃப்டில் உள்ளே இருக்கிற தளப் பட்டனை இரண்டு தட்டு தட்டினால் அந்தக் கால் ரத்தாகும். தப்பாக அழுத்திவிட்டால், அல்லது குழந்தைகள் எல்லாவற்றையும் அழுத்திவிட்டால் சரி செய்துகொள்ள வைத்த வசதி. வெளியே இருக்கிற பட்டனில் சாதாரணமாக இதை வைக்க மாட்டோம். உங்களுக்கு முன்னால் நிற்பவர் அழுத்திய காலை நீங்கள் வந்து அழித்துவிடக் கூடாதல்லவா.

யோசித்தால் இன்னொன்றும் உண்டு. லிஃப்ட் உங்கள் தளத்திலேயே நின்று கதவு மூடிக்கொண்டிருக்கும்போது வெளியே அழுத்தினால் கதவு திரும்பத் திறக்கும். ஓடி வருகிறவருக்கு அது உதவி. ஆனால் கிளம்புகிற லிஃப்டை வெளியே ஒருவர் தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பவர்கள் போகவே முடியாது. அவசரத்தில் அழுத்துவது அங்கேதான் தாமதம் ஆகிறது. 'மேலே போகிற லிஃப்ட் கிளம்பினால்தான் எனக்குத் திரும்பி வரும்' என்பதை நிற்கிறவர் யோசிப்பதில்லை.

இரணியல் ஷாஜி | அக்டோபர் 13, மாலை 6.15

சாலைப் பட்டனைப் பற்றி ஒரு வார்த்தை. சவுதியில் சிக்னல் பராமரிப்பில் ஆறு வருடம் இருந்தேன். அங்கேயும் முதல் அழுத்தல் பதிவாகும், மற்றவை வீண். ஆனால் பதிவானதும் பச்சை வராது. சுற்றில் நடப்பவருக்கு என்று ஒரு முறை இருக்கிறது, அந்த முறை வரும்போதுதான் கொடுக்கும். சுற்று 90 நொடி என்று வையுங்கள். அந்த முறை தொடங்குவதற்கு ஒரு நொடி முன்னால் அழுத்தினால் உடனே பச்சை. ஒரு நொடி பிந்தினால் கிட்டத்தட்ட முழுச் சுற்றும் நிற்க வேண்டும். பட்டன் ஒன்று, விரல் ஒன்று. ஒரு நாள் உடனே வருகிறது, ஒரு நாள் ஒன்றரை நிமிடம். இதைப் பார்க்கிற மனிதன் என்ன நினைப்பான்? இன்றைக்குச் சரியாக அழுத்தவில்லை என்றுதான் நினைப்பான்.

சில இடங்களில் பகலில் அழுத்தாவிட்டாலும் நடக்கிற பச்சை தானாக வரும், இரவில் மட்டும் பட்டன் வேண்டும். அதைத்தான் ஆட்கள் டம்மி என்று சொல்லிவிடுகிறார்கள்.

நாஞ்சில்மகள் | அக்டோபர் 13, இரவு 8.40

ஷாஜி, இதைப் படித்ததும் சிங்கப்பூர் ஞாபகம் வந்தது. அங்கே முதியவர்களுக்கு ஒரு அட்டை உண்டு. பட்டன் கம்பத்தில் அதைத் தட்டினால் கடப்பதற்குக் கூடுதல் நொடிகள் கிடைக்கும். 2009-லிருந்து இருக்கிறதாம். அந்தச் சீனப் பாட்டி பட்டனை அழுத்தி, அட்டையைத் தட்டி, அப்புறமும் பட்டனை நாலைந்து முறை அழுத்தினார். அட்டையைத் தட்டிவிட்டால் பச்சை நீளும், சீக்கிரம் வராது. இரண்டையும் அவர் ஒன்றாக நினைத்திருக்கலாம். நம் வேப்பமூடு சந்திப்பில் கையைக் காட்டிக்கொண்டே கடந்து பழகிய அம்மாவுக்கு, ஒரு கம்பத்திடம் கேட்டுவிட்டுச் சும்மா நிற்பது பெரிய வேலையாக இருந்தது. கை காட்டினால் டிரைவர் கண்ணைப் பார்க்கலாம், அவன் வேகத்தைக் குறைக்கிறானா என்று தெரியும். கம்பத்துக்குக் கண் இல்லை.

சுசீந்திரம் சார் | அக்டோபர் 14, காலை 9.30

புறா முழுக்கப் பொருந்தவில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் ஷாஜி சொன்ன 'ஒரு நாள் உடனே, ஒரு நாள் தாமதம்' என்பதில் ஸ்கின்னரின் வேறு புறாச் சோதனைகள் பொருந்துகின்றன. பலன் எப்போது வரும் என்று தெரியாதபோது செய்கை எளிதில் நிற்காது. எப்போதும் நாற்பத்தேழு நொடி என்றிருந்தால் உங்கள் அம்மா ஒரு வாரத்தில் நிறுத்தியிருப்பார்.

நாஞ்சில்மகள் | அக்டோபர் 19, இரவு 10.10

ஒரு வாரம் எழுதவில்லை. இன்று ஒன்று தெரியவந்தது.

சாப்பிடும்போது அம்மாவிடம் கேட்டேன், எப்போதிலிருந்து இப்படி அழுத்துகிறாய் என்று. அவள் திருவனந்தபுரத்தில் ஒரு நாலு மாடி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். இங்கிருந்து தினமும் ரயிலில் போய் வருவாள். அந்தக் கட்டடத்தில் கம்பிக் கதவு லிஃப்ட். இழுத்து மூட வேண்டும், 'கடகட' என்று மடியும். வெளியே கருப்புப் பட்டன், அதற்கு மேலே சிவப்பு விளக்கு.

"சிவப்பு எரிஞ்சா வேற ஆள் வச்சிருக்கான்னு அர்த்தம். அப்ப அழுத்தினா ஒண்ணும் ஆகாது. அணைஞ்ச உடனே யாரு முதல்ல அழுத்துறாங்களோ அவங்களுக்குத்தான் வரும். கையை எடுத்தா மேல் மாடிக்காரன் கொண்டு போயிருவான்."

எனக்குச் சாதம் இறங்கவில்லை. அவள் சொன்னதை நான் இத்தனை நாள் வெப்ராளம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். மெக்கானிக் அண்ணே, அப்படி ஒரு லிஃப்ட் உண்டா?

மார்த்தாண்டம் மெக்கானிக் | அக்டோபர் 20, காலை 6.20

உண்டு. நான் வேலை பழகியதே அதில்தான். 'எந்த லிஃப்டிலும்' என்று எழுதியதை இரண்டாவது முறையாகத் திரும்பப் பெறுகிறேன்.

அந்தப் பழைய ரிலே லிஃப்டுக்கு ஞாபகம் கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு காலைத்தான் எடுக்கும். ஓடும்போதும், நின்று சில நொடிகள் வரையும் சிவப்பு எரியும். அதற்குள் அழுத்தியது எல்லாம் தரையில் கொட்டிய தண்ணீர். சிவப்பு அணைந்த கணத்தில் விரல் எந்தத் தளத்தில் இருக்கிறதோ அங்கே போகும். அணைகிற கணம் தெரியாததால் தட்டிக்கொண்டே இருப்பதுதான் அதில் சரியான வழி. யாராவது கம்பிக் கதவைச் சரியாக மூடாமல் போயிருந்தால் எவ்வளவு தட்டினாலும் வராது. மேலே பார்த்து "கதவைச் சாத்துங்க" என்று கத்த வேண்டும்.

அதில் சிவப்பு என்றால் 'இப்போது முடியாது'. இன்றைய லிஃப்டில் சிவப்பு என்றால் 'சரி, வருகிறேன்'. ஒரே நிறம், நேர் எதிர் அர்த்தம். மாறியபோது யாரும் அம்மாவிடம் சொல்லவில்லை.

வெளிச்சத்தை நம்பலாமா என்று பார்க்க ஒரு வழி: லேசாக ஒரு தடவை அழுத்திவிட்டு விரலை எடுங்கள். எடுத்த பின்னும் எரிந்தால் பதிவாகிவிட்டது. விரலோடு சேர்ந்து அணைந்தால் பதிவாகவில்லை. லிஃப்ட் உங்கள் தளத்திலேயே நிற்கலாம், பட்டனோ வயரோ கெட்டிருக்கலாம், லிஃப்ட் பராமரிப்பில் இருக்கலாம்.

வேர்கிளம்பி ஜோஸ் | அக்டோபர் 20, காலை 7.40

எங்கள் ஆஸ்பத்திரிப் பட்டன் விரலை எடுத்த பின்னும் எரிந்தது. அப்போது அந்த ஸ்டூல்காரர்தான்.

நாஞ்சில்மகள் | அக்டோபர் 20, இரவு 9.00

அம்மாவிடம் மெக்கானிக் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "நான் சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னாள். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற அம்புக்குறியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மேல் நோக்கி இருந்தால் தாண்டிப் போகலாம், கீழ் நோக்கி மாறியதும் வரும். இன்று சாயங்காலம் இரண்டு தடவைதான் அழுத்தினாள்.

ஆனாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. தரைத்தளத்தில் மூன்று பேர் நிற்கிறார்கள், பட்டன் எரிகிறது. நாலாவதாக வருகிறவர் நேரே போய் அதை ஒரு தடவை அழுத்திவிட்டுத்தான் வந்து நிற்கிறார். அவர் அந்தப் பழைய லிஃப்டைப் பார்த்திருக்கவே மாட்டார், இருபது வயதுப் பையன். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

குளச்சல்காரன் | அக்டோபர் 20, இரவு 11.15

நானும் அப்படித்தான் செய்வேன். மற்றவர்கள் அழுத்தியது எனக்குச் சேராது போல இருக்கும். கோயில் மணியை முன்னால் போனவர் அடித்துவிட்டார் என்று நாம் அடிக்காமலா வருகிறோம்?

சுசீந்திரம் சார் | அக்டோபர் 21, காலை 6.00

மணி வேறு, பட்டன் வேறு என்று எழுத வந்தேன். காரணம் தோன்றவில்லை. யோசித்து எழுதுகிறேன்.

நாஞ்சில்மகள் | நவம்பர் 3, இரவு 8.20

சார் இன்னும் யோசிக்கிறார் போலிருக்கிறது. இதற்குள் இங்கே ஒன்று நடந்தது.

இன்று மத்தியானம் நல்ல மழை. கரண்ட் போய், அரை நிமிடத்தில் ஜெனரேட்டர் பிடித்தது. தரைத்தளத்தில் ஐந்து பேர் நனைந்த குடையோடு நின்றோம், அம்மாவும்தான். கரண்ட் போவதற்கு முன்பே யாரோ அழுத்தியாயிற்று. எண் 2-ல் நின்றது, அசையவில்லை. இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். எல்லாரும் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான். பட்டனை யாரும் பார்க்கவில்லை.

அம்மா போய் அழுத்தினாள். சிவப்பு எரிந்தது. எண் 1 ஆனது.

மார்த்தாண்டம் மெக்கானிக் | நவம்பர் 3, இரவு 9.45

கரண்ட் போனால் பெரும்பாலும் பதிந்த கால் எல்லாம் அழிந்துவிடும். அவசர பேட்டரி லிஃப்டைப் பக்கத்துத் தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிட்டு நிற்கும். ஜெனரேட்டர் வந்தபிறகு அது புது ஆளாகக் காத்துக்கொண்டிருக்கும், அழைத்தால் வரும். அப்போது மறுபடி அழுத்தியே ஆக வேண்டும். அம்மா செய்ததுதான் சரி.